ரவர் கிரேன் கையேடு: சுழற்சிப் பிறேக்கைப் போடுவதா, திறந்து விடுவதா?

நல்லூராள் (கேள்வி)

ரவர் கிரேன் ஒன்றைப் பொருத்துவது, பரிசோதிப்பது பற்றிய கையேட்டை ஆங்கிலத்தில் இருந்து தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் நடக்கப்போகும் ஒரு பயிற்சிக்காக. வாசிக்கப் போகிறவர்கள் பொல்ற் இறுக்கும் பொடியளும் புதிதாகப் பழகும் ஒப்பரேற்றர்களும். நான் கிரேனைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

சிக்கல் இதுதான். கிரேனின் நிமிர்ந்த கோபுரமான மாஸ்ட்டை உயர்த்தும் அத்தியாயத்தில் சுழற்சிப் பிறேக்கைப் போடு என்கிறார்கள். வேலை முடிந்து கிரேனை விட்டுப் போகும் அத்தியாயத்தில் அதே பிறேக்கைத் திறந்து விடு என்கிறார்கள். என் வரைவைச் சரிபார்த்த பொறியியலாளர் இரண்டும் முரண் என்று சிவப்பு மையால் சுற்றிவிட்டு, "இரண்டு இடத்திலும் பூட்டவும் என்று போடுங்கோ, ஆளில்லாத கிரேன் சுழன்று திரியக் கூடாதுதானே" என்று எழுதியிருக்கிறார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலத்தில் அப்படி இல்லை. எது சரி?

கூடவே இரண்டு சின்னச் சந்தேகம். கிரேனின் நீண்ட கைக்குச் சொல்லும் ஜிப் என்பதை என்ன செய்வது? தமிழில் எழுதினால் காற்சட்டை ஜிப் மாதிரி இருக்கிறது. அடுத்தது, மாஸ்ட்டைக் கட்டடத்தோடு சேர்க்கும் இடத்தில் "கட்டவும்" என்று எழுதியிருக்கிறேன். போதுமா?

கட்டடக்காரன்

மூலம்தான் சரி. புயல் வந்தால் கிரேன் காற்றோடு திரும்ப வேண்டும், அதற்காகத்தான் திறந்து விடுவது. ஆனால் அது காற்று எச்சரிக்கை உள்ள நாட்களுக்கு மட்டும். சாதாரண இரவில் பூட்டிவிட்டுப் போகலாம். எங்கள் சைற்றுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம், அதன் கூரைக்கு மேலே கை போய் நிற்கக் கூடாது என்று நாங்கள் பூட்டித்தான் விட்டோம். ஒன்றும் நடக்கவில்லை.

தோஹா ரிகர்

தங்கச்சி, உங்கள் பொறியியலாளர் சொன்னதை அப்படியே அச்சடித்து விடாதீர்கள். கட்டடக்காரன் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதிதான் ஆளை விழுத்தும்.

நங்கூரத்தில் விட்ட வள்ளம் சோளகம் அடித்தால் அதற்கேற்பத் தானே திரும்பி நிற்கும். ஆளில்லாத கிரேனும் அப்படித்தான் நிற்க வேண்டும். கை நீளம், காற்று பிடிக்கும் பரப்பும் அதில்தான் அதிகம். ஆகவே திறந்து விட்டால் கை காற்று போகும் பக்கம் போய் நிற்கும், காற்று கையின் நீளவாக்கில் ஓடிப் போகும். பூட்டி வைத்தால் காற்று பக்கவாட்டில் வந்து முழுக் கையிலும் மோதும். மாஸ்ட் சரிய மட்டும் பார்க்காது, முறுக்கவும் படும். சுழற்சிப் பல்லுகள் உடையும், அதற்கு மேலே போனால் மாஸ்ட்டே போகும். ஆளில்லாத நிலைக்கான கணக்கைத் தயாரிப்பாளர் கை காற்றோடு திரும்பும் என்று வைத்துத்தான் போட்டிருப்பார். பூட்டியவுடன் அந்தக் கணக்கு செல்லாது.

எச்சரிக்கை வந்த நாளில் மட்டும் என்பது பிழை. இரவு 2 மணிக்கு ஒரு மழை இருட்டோடு காற்று எழும்பினால் யார் மேலே ஏறிப் பிறேக்கைத் திறப்பது? ஒவ்வொரு நாளும் கடைசி வேலை அதுதான். பள்ளிக்கூடத்துக்கு மேலே போகக் கூடாது என்றால் கிரேனை எங்கே நிறுத்துவது, கை எவ்வளவு நீளம் என்பதை முதலிலேயே தீர்மானித்திருக்க வேண்டும், அல்லது தயாரிப்பாளரிடம் அந்த இடத்துக்கென்று எழுத்தில் வழி கேட்டிருக்க வேண்டும். பிறேக்கால் அதைச் சரிக்கட்ட முடியாது.

இன்னொன்று, ஒழுங்கு. பல மொடல்களில் அந்தப் பிறேக் மின்சாரம் போனால் ஸ்பிரிங்கால் தானே விழுந்து பிடிக்கும். ஆகவே முதலில் திறந்து, திறந்தபடியே நிற்க வைத்து, அதற்குரிய விளக்கு எரிகிறதா என்று பார்த்து, அதன்பிறகுதான் மெயின் சுவிச்சை நிறுத்துவது. மாறிச் செய்தால் ஒப்பரேற்றர் திறந்துவிட்டேன் என்று நம்பி இறங்குவார், கிரேன் பூட்டியே இருக்கும். உங்கள் வசனத்தில் "பின்னர்" எங்கே வருகிறது என்று பாருங்கள்.

நல்லூராள்

நன்றி அண்ணை. அந்த இடத்தில் அகராதியைப் பார்த்து "காற்றுத்திசைகாட்டி நிலைக்கு மாற்றவும்" என்று வைத்திருக்கிறேன். இருக்கட்டுமா? அப்புறம், உயர்த்தும்போது ஏன் எதிர்மாறு?

தோஹா ரிகர்

அதை எடுத்து விடுங்கள். கிரேன் உச்சியில் காற்று அளக்கும் கருவி ஒன்று உண்மையாகவே இருக்கிறது. பொடியன் அதைத் தேடி ஏறப் போகிறான். கிரேன் செய்வதையே எழுதுங்கள்: கை காற்றோடு தானாகத் திரும்பும்படி சுழற்சிப் பிறேக்கைத் திறந்து விடவும்.

உயர்த்தும்போது கதை வேறு. கிளைம்பிங் கூடு மாஸ்ட்டைச் சுற்றி இருக்கும். மேல் பகுதிக்கும் மாஸ்ட்டுக்கும் இடையிலுள்ள பொல்ற்றுகளைக் கழற்றி, நீரியல் ஜாக் மேல் பகுதி முழுவதையும் தூக்கும். அந்த நேரம் கை, பின்பக்கம் நீளும் எதிர்க்கை, அதிலுள்ள எதிர்ப்பாரம் எல்லாம் ஜாக்கிலும் கூட்டின் உருளைகளிலும்தான் நிற்கின்றன. முன்பக்கமும் பின்பக்கமும் சமனாக இல்லாவிட்டால் ஒரு பக்க உருளைகள் மாஸ்ட்டை நெரிக்கும். அதற்காகத்தான் கையேடு சொல்லும் பாரத்தை, பெரும்பாலும் ஒரு மாஸ்ட் துண்டையே, கொக்கியில் தொங்கவிட்டு, கொக்கியைத் தாங்கிக் கையில் ஓடும் ட்ரொலியை உள்ளேயும் வெளியேயும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது. சமன் வந்ததைக் கண்ணால் பார்க்கலாம்: எதிரெதிர்ப் பக்க உருளைகளுக்கும் மாஸ்ட் காலுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரே அளவாக வரும். வந்த பிறகு ஒன்றையும் அசைக்கக் கூடாது. சுழற்றினால் சமன் குலைந்து, பிடிப்பில்லாத மேல் பகுதி சரியும். ஆகவே அங்கே பிறேக் போட்டே இருக்க வேண்டும்.

முரண் ஒன்றும் இல்லை. ஒன்று பொல்ற் கழன்ற கிரேன், மற்றது பொல்ற் இறுகிய கிரேன். ஒவ்வொரு வசனத்தின் தலையிலும் எந்த நிலை என்பதை எழுதினால் உங்கள் பொறியியலாளரும் சுற்ற மாட்டார்.

காற்று எல்லையையும் கலந்து விடாதீர்கள். வேலை செய்யும்போது பொதுவாக மணிக்கு 72 கிலோமீற்றர் வரை என்று இருக்கும், உயர்த்தும்போது அதைவிடக் குறைவு. உங்கள் கையேட்டில் உள்ள இலக்கத்தை அந்தந்த இடத்திலேயே திரும்ப எழுதுங்கள், "மேலே சொன்ன எல்லை" என்று சுருக்க வேண்டாம்.

லொறிக் கிரேன் ராசன்

ஜிப் எண்டு நாங்கள் சொல்லுறது பூமின்ர நுனியில மாட்டுற நீட்டுத்துண்டைத்தான். அதைப் போட்டால் தூக்குற பாரம் நல்லாக் குறையும். உங்கட கையேட்டில அதைப் பற்றியா கேக்கிறியள்? எனக்கு 25 தொன் கிரேன் ஒன்று இருக்கு, ஜிப் போட்டு எவ்வளவு தூக்கலாம் எண்டு அட்டவணை தொலைஞ்சு போச்சு. ஆரிட்டையும் இருக்கோ?

தோஹா ரிகர்

அண்ணை, உங்கள் கேள்விக்கு மொடல் இலக்கத்தோடு தயாரிப்பாளரிடமே கேளுங்கள், இன்னொரு கிரேனின் அட்டவணையை வைத்துத் தூக்க வேண்டாம்.

ஆனால் நல்லூராள், இவர் சொன்னது உங்களுக்கு உதவும். ரவர் கிரேனைப் பொருத்துவது லொறிக் கிரேனால்தான். ஒரே பக்கத்தில் இரண்டும் வரும். ரவர் கிரேனில் ஜிப் என்பது முழுக் கை. லொறிக் கிரேனில் நுனித்துண்டு. அதனால் ரவர் கிரேனுக்கு "கை", "எதிர்க்கை" என்று வைத்துவிட்டு, லொறிக் கிரேனுக்குப் பூம், ஜிப் என்று பொடியள் சொல்வதையே விடுங்கள். எதிர்க்கை முதலில் ஏறும், அதில் கையேடு சொன்ன அளவு எதிர்ப்பாரம் மட்டும், பிறகு கை, கடைசியில் மிச்ச எதிர்ப்பாரம். இதில் எந்தக் கை என்று ஒருவன் யோசிக்க வேண்டி வந்தால் ஆபத்து.

கட்டடக்காரன்

பூட்டி விட்ட விஷயத்தில் தோஹாக்காரர் சொல்வதை எங்கள் ஆட்களிடம் காட்டுகிறேன். ஆனாலும் பக்கத்து வளவுக்காரன் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது என்பதற்குப் பதில் கிடைக்கவில்லை.

மாஸ்ட்டைக் கட்டடத்தோடு சேர்ப்பது பற்றி: "கட்டவும்" வேண்டாம். சைற்றில் கட்டு என்றால் கட்டுக்கம்பியும் கயிறும்தான். இங்கே மாஸ்ட்டைச் சுற்றி ஒரு இரும்புச் சட்டம், அதிலிருந்து கட்டடத்துக்குப் பெரும்பாலும் மூன்று தாங்குகோல். காற்று ஒரு பக்கம் அடித்தால் இழுக்கும், மறுபக்கம் அடித்தால் தள்ளும். கயிறு இழுவையை மட்டும்தான் தாங்கும், தாங்குகோல் இரண்டையும் தாங்கும். அந்த விசை கொங்கிறீற் தட்டுக்குள் போகிறது, ஆகவே அந்தத் தளத்தின் கொங்கிறீற் தேவையான வலிமைக்கு வந்த பிறகே பொருத்த வேண்டும். நான் "கட்டடப் பிடிப்பு" என்று எழுதுவேன்.

தோஹா ரிகர்

இதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. பரிசோதனைப் பட்டியலில் மூன்றைத் தனித்தனி வசனமாக்குங்கள்: சட்டத்தின் ஆப்புகள் மாஸ்ட் காலோடு இறுக்கமா, தாங்குகோல் ஊசிகளில் பூட்டு ஊசி இருக்கிறதா, தட்டில் நங்கூரத்தைச் சுற்றி வெடிப்பு உண்டா. "பிடிப்பைச் சரிபார்க்கவும்" என்று ஒரே வரியில் போட்டால் ஒருவன் கீழே நின்று பார்த்துவிட்டுச் சரி போடுவான்.

நல்லூராள்

மாற்றி எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

"உயர்த்தும்போது: கை கையேடு சொன்ன திசையில் இருக்க, சுழற்சிப் பிறேக்கைப் போடவும். சமன் வந்த பின்பே பொல்ற்றுகளைக் கழற்றவும். புதிய துண்டின் பொல்ற்றுகள் முழுவதும் இறுகும் வரை சுழற்றவோ, ட்ரொலியை நகர்த்தவோ, பாரம் ஏற்றி இறக்கவோ கூடாது."

"வேலை முடிந்து இறங்கும்போது: கொக்கியில் பாரம் இருக்கக் கூடாது. கை காற்றோடு தானாகத் திரும்பும்படி சுழற்சிப் பிறேக்கைத் திறந்து விடவும். விளக்கு எரிவதைப் பார்த்த பின்பே மெயின் சுவிச்சை நிறுத்தவும்."

தோஹா ரிகர்

"பின்பே" நல்லது. 2019 ஏப்ரல் 27 அன்று சியாற்றிலில் ஒரு கிரேனைக் கழற்றும்போது மாஸ்ட் துண்டுகளைப் பிணைக்கும் ஊசிகளை நேரத்துக்கு முன்பே உருவி விட்டார்கள், காற்று அடித்ததும் மாஸ்ட் சாய்ந்து நான்கு பேர் போனார்கள். கழற்றும் அத்தியாயத்திலும் எந்த ஊசியை எது முடிந்த பின்பே எடுப்பது என்பதை இதே மாதிரி எழுதுங்கள்.

கொக்கியை எவ்வளவு உயரத்தில், ட்ரொலியை எங்கே விடுவது என்பது மொடலுக்கு மொடல் மாறும், உங்கள் மூலத்தில் தேடிச் சேருங்கள். விளக்கு இல்லாத பழைய மொடலாக இருந்தால் அந்த வசனமும் மாறும்.

கட்டடக்காரன்

ஒரு கேள்வி. கையில் கம்பனிப் பெயர்ப் பலகை, திருவிழாவுக்குக் கொடி எல்லாம் கட்டுகிறார்களே, அதுவும் கையேட்டில் வருகிறதா?

தோஹா ரிகர்

வர வேண்டும். பெரிய பலகை காற்றைப் பிடித்தால் பிறேக்கைத் திறந்து விட்டாலும் கை சரியாகத் திரும்பாது. எங்கே, எவ்வளவு பரப்பு என்று தயாரிப்பாளர் விட்டது மட்டும்.

நல்லூராள்

பலகை பற்றி ஒரு பந்தி இருக்கிறது, அதை இன்னும் தொடவில்லை. விளக்கு இருக்கிறதா என்று கிரேனை வாடகைக்குக் கொடுத்தவரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அதுவரை அந்த வசனத்தை மஞ்சளில் வைத்திருக்கிறேன்.