நாள் குறித்தபின் பின்னோக்கி எழுதிய பட்டியல்: உங்கள் வீட்டு விசேஷத்தில் எந்த வரி இடறியது?

பாம்பன்

அண்ணன் மகளின் காதணி விழா நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனால் அதற்கு முந்தின இரவு தண்ணீர் லாரி தெருமுனையில் நின்ற நிலை இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. நாள் குறித்த அன்றே மதினி ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் விழா நாளை எழுதி, அங்கிருந்து ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கி வந்து, பத்திரிகை, பாத்திரம், மேளம், பந்தல், தண்ணீர் என்று ஒன்றுவிடாமல் குறித்திருந்தார். எங்கள் பக்கத்துக் கிணற்று நீர் உப்பு என்பதும், குழாயில் வரும் காவிரித் தண்ணீர் வீட்டுச் செலவுக்கே சரியாக இருக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆகையால் 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்குச் சொல்லியிருந்தோம்.

பந்தலும் தண்ணீரும் நோட்டில் ‘முந்தின நாள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் இருந்தன. பந்தல்காரர் மதியமே வந்து, தெருவின் குறுக்கே கால் நட்டு, தகரம் வேய்ந்து, முகப்பில் குலை தள்ளிய வாழையையும் கட்டிவிட்டுப் போய்விட்டார். இரவு வந்த லாரியால் அந்த முகப்புக்குள் நுழைய முடியவில்லை. வாழைக்குலை முன்கண்ணாடியில் முட்டிக்கொண்டிருக்க, ஓட்டுநர் இறங்கி வந்து குழாயை இழுத்துப் பார்த்தார். அது எங்கள் தொட்டிவரை எட்டவில்லை. பிறகு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து மீனுக்கு வைத்திருக்கும் நீல நிறப் பீப்பாய்களை வாங்கிக் கழுவி, லாரியில் பிடித்து, குட்டியானையில் ஏற்றி, நள்ளிரவு தாண்டியும் இறக்கினார்கள். எந்த நாளில் எது என்று மட்டும் எழுதினால் போதாது. அந்த நாளுக்குள் எது முந்தி, எது பிந்தி என்பதையும் எழுதியாக வேண்டும் என்பது என் கருத்து.

கீழக்கரை, சமையல் வேலை செய்பவர்

தம்பி சொல்வது சரிதான். ஆனால் லாரி இரவில் வருவதாக ஏற்பாடு செய்ததே பிந்திய ஏற்பாடு. முந்தின நாள் மாலையிலேயே பாத்திரம் கழுவவும் வெங்காயம் உரிக்கவும் எங்களுக்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே லாரி காலையில், பந்தல்காரர் கடப்பாரையை எடுப்பதற்கு முன்பே வந்து போயிருக்க வேண்டும்.

எனக்கு மறக்காதது ஒரு வலிமா விருந்து. அந்த வீட்டார் பட்டியலில் ‘ஆடு – விழா நாள் காலை’ என்று எழுதியிருந்தார்கள். முதல் பந்தி பன்னிரண்டரைக்கு என்றால் தம் பன்னிரண்டுக்குத் திறக்க வேண்டும், அதற்கு அரைமணி நேரம் முன்பாவது தம் போட்டாக வேண்டும், அதற்கு முன்பே கறி மசாலாவோடு வெந்து நிற்க வேண்டும். தேக்சா பல என்பதால், வெட்டிக் கழுவிய கறி ஏழு மணிக்கு என் கையில் இருந்தால்தான் இது நடக்கும். அப்படியானால் விடியலுக்கு முன்பே அறுப்பு, அதற்கு முந்தின மாலையே ஆடுகள் கொல்லையில் கட்டியிருக்க வேண்டும். அன்றைக்கோ ஆடு வந்ததே ஏழரைக்கு. சீரகச் சம்பாவை நான் ஊறவைக்காமல் காத்திருந்ததால் அரிசியாவது தப்பியது. முன்பே நனைத்திருந்தால் தம்மில் உடைந்து குழைந்திருக்கும். பெரியவர்கள் சகனைச் சுற்றி உட்கார்ந்து வெற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் அடுப்படியிலிருந்தே பார்த்தேன்.

சென்னையில் வசிக்கும் இராமேசுவரத்துக்காரர்

தண்ணீரும் கறியும் எப்படியாவது வந்து சேரும். ரயில் டிக்கெட் அப்படியல்ல. அக்கா மகன் திருமணத்துக்கு எங்களுக்குக் கிடைத்தது காத்திருப்போர் பட்டியல். பயணிகள் பட்டியல் தயாரான பிறகும் அது உறுதியாகாததால், பெற்றோரை உட்கார்ந்தபடியே இரவுப் பேருந்தில் அழைத்து வந்தேன். அப்பாவின் கால் வீக்கம் தாலி கட்டும் நேரம்வரை வற்றவில்லை. விழா வைப்பவர்கள் பட்டியலின் முதல் வரியாக, 120 நாளுக்கு முன் முன்பதிவு திறக்கும் நாளைக் குறித்துவிட வேண்டும்.

தொண்டி

முதல் வரி அதுவாக இருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன், கணக்குத்தான் பழையது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அதிலும் பயண நாளைச் சேர்க்காமல். மே 17 ஞாயிற்றுக்கிழமை விழா என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து 15ஆம் தேதி வெள்ளி இரவு ஏறுபவர்களுக்கு மார்ச் 16 காலை எட்டு மணிக்குத் திறக்கும்; 17ஆம் தேதி இரவே திரும்புபவர்களுக்கு மார்ச் 18 அன்று. இரண்டும் தனித்தனி வரிகள். போகும் டிக்கெட் கிடைத்த மகிழ்ச்சியில் திரும்பும் டிக்கெட்டை மறந்தவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. இந்தக் கணக்கைப் பார்த்து, என் மகளின் காதணி விழா நாளை என் கணவர் சென்னையிலுள்ள தம் அண்ணன்மாருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். என் தம்பிதான் தாய்மாமன். அவன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். வெற்றிலை பாக்குத் தட்டோடு நாங்கள் அவன் வீட்டுக்குப் போனபோது, ‘சென்னை வரைக்கும் தெரிந்த சேதிக்கு எனக்கு எதற்குத் தட்டு, அக்கா?’ என்று கேட்டான். சீரில் ஒரு குறையும் வைக்கவில்லை, தோடும் அவனே செய்துகொண்டு வந்தான்; ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. முறைப்படி தாய்மாமனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஆகவே மார்ச் 16க்கு முந்தின வரியாக ‘தாய்மாமன் வீடு’ இருக்க வேண்டும். பத்திரிகை அச்சாவதற்காக அது காத்திருக்கக் கூடாது.

சென்னையில் வசிக்கும் இராமேசுவரத்துக்காரர்

60 நாள் என்பதை ஏற்கிறேன், அம்மா. ஆயினும் தாய்மாமன் கடலுக்குப் போயிருந்தாலோ, வளைகுடா நாட்டில் இருந்தாலோ என்ன செய்வது? டிக்கெட் திறக்கும் காலை எட்டு மணி யாருக்காகவும் நிற்பதில்லை. அவருக்கும் தொலைபேசியில் முதலில் சொல்லிவிட்டு, தட்டைப் பிறகு கொண்டுபோனால் மரியாதை குறையும் என்று நான் நினைக்கவில்லை.

மண்டபம்

எல்லோரும் மீனை மறந்துவிட்டீர்கள். எங்கள் வீட்டு மறுவீட்டு விருந்து மே மாதத்தில் வந்தது, சீலா கிடைக்கவில்லை, சம்பந்தி வீட்டார் முன்னிலையில் கோழி பரிமாறினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் அந்த 61 நாளும் மீனே கிடைக்காது. எனவே மீன் விருந்து வைப்பவர்கள் நாள் குறிக்கும்போதே அந்த இரண்டு மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் கிழமையைப் பாருங்கள். இராமேசுவரம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குப் போய் மறுநாள் காலை கரைக்கு வருகின்றன. ஞாயிறு மதிய விருந்து என்றால் மீன் அன்று காலைதான் இறங்கும். ஏலத்தில் எடுத்து, துண்டு போட்டு, மசாலா தடவிப் பொரிக்க நேரம் மிகவும் நெருக்கடியாக இருக்கும். வெள்ளி அல்லது புதன் விருந்தாக வைத்தால், முந்தின நாள் காலை இறங்கிய மீனைப் பனிக்கட்டியில் வைத்து நிதானமாகச் செய்யலாம். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் படகுகளுக்கு அனுமதிச் சீட்டே கிடைக்காது. அதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கீழக்கரை, சமையல் வேலை செய்பவர்

கிழமைக் கணக்கு சரி. தடைக்காலத்தில் மீனே கிடைக்காது என்பது சரியல்ல. தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகள் அந்த நாள்களிலும் போகின்றன. அந்த மாதங்களில் தென்கடலில் காற்று கிளம்பினாலும் வடகடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆனால் ஒரே அளவில் முந்நூறு துண்டுக்குச் சீலா வேண்டும் என்றால் நாட்டுப்படகு மீனை நம்பி நான் வாக்குக் கொடுப்பதில்லை. குழம்புக்கு அளவு முக்கியமில்லை. வருவதை வாங்கிச் செய்யலாம்.

அதனால் விருந்து வீட்டாரிடம் இரண்டு தேதிகளைக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். ஒன்று மீன் வர வேண்டிய நேரம். மற்றொன்று, மீன் வராது என்று முடிவு செய்து கோழிக்குச் சொல்லக்கூடிய கடைசி நேரம். தடைக்காலத்தில் அது முந்தின நாள் காலை ஏலம் முடியும் வேளை. அந்த வேளையில் முடிவு சொல்ல வேண்டியவர் யார் என்று அந்த வரிக்கு நேராக ஒருவர் பெயரையும் எழுதச் சொல்கிறேன். ஏனென்றால் அன்று காலை வீட்டுப் பெரியவர் பூ வாங்க இராமநாதபுரம் போயிருப்பார், தொலைபேசியை எடுக்க மாட்டார்.