புதுப்பிப்பு: பட்டமளிப்பு விழாவில் தங்கையின் படம் கிடைத்தது

"கூட்டம் நிறைந்த அரங்கில் பின்வரிசையிலிருந்து, தங்கை சான்றிதழ் வாங்கும் நொடியை எப்படி எடுப்பது?"

உதவிய எல்லோருக்கும் நன்றி, படம் கிடைத்துவிட்டது. கைகொடுத்தது, தங்கைக்கு முன்னால் மேடை ஏறுகிறவர்களை வைத்து ஒத்திகை பார்க்கச் சொன்ன கல்யாண ஃபோட்டோகிராஃபர் அண்ணனின் யோசனை. 200 மிமீ லென்ஸ், ஷட்டர் வேகம் 1/250, ஐஎஸ்ஓ 3200 வைத்துப் பத்துப் பேரை எடுத்தேன். பெயர் வாசித்த நான்காவது நொடியில் சான்றிதழ் கைமாறியது. உடனே இருவரும் விழா ஃபோட்டோகிராஃபர் பக்கம் திரும்பினார்கள். அதனால் அவருக்கு நேர் பின்னால் வரும் நடைபாதை ஓரத்துக்கு மாறினேன்.

ஷட்டரைத் தொடர்ந்து அழுத்தினாலே போதும் என்ற யோசனை பாதிதான் சரி. ஒத்திகையில் சீக்கிரமே அழுத்திவிட்டேன். கைமாறும் நேரத்தில் பஃபர் நிறைந்து கேமரா திணறியது. பள்ளி விழாவில் ஃபிளாஷ் உதவியது என்றவருக்கு: இவ்வளவு தூரம் அது எட்டாது.

எதிர்பாராதது, படத்தில் மேடை எல்இடி திரை மேல் விழுந்த கோடுகள். ஷட்டர் வேகத்தை 1/125க்கு இறக்கியதும் குறைந்தன, முழுதாகப் போகவில்லை.