கடல்நீரேரிக்கு மேலால் போகும் இணைப்பு: பட்டையைக் குறைப்பதா, அன்ரனாவை நகர்த்துவதா?

வேலணைக்கரை:
பண்ணைப் பக்கமிருந்து வேலணைக்கு 5 கிலோமீற்றர் இணைப்பு. 5.8 கிகாஹேர்ட்ஸ், 20 மெகாஹேர்ட்ஸ் அகலம். பூமியின்ர வளைவைக் கழிச்சா இரண்டு அன்ரனாவும் நீர்மட்டத்தில இருந்து 20 மீற்றர் உயரம். சில நேரம் சிக்னல் 20 டெசிபெல் விழுது. ஸ்பெக்ட்ரத்தில பார்த்தால் எல்லாத் துணைக்காவியும் ஒண்டாத்தான் இறங்குது. இது மீடிறன் தெரிவு மங்கலோ? அகலத்தை 5 ஆக்கினால் சரிவருமோ?

சுன்னாகச் சந்தி:
தெரிவு மங்கல்தான். தண்ணியில பட்டு வாற அலை நேர் அலையின்ர பலத்துக்குக் கிட்ட நிக்கும். தெறிப்பு அவ்வளவு பலமா இருந்தால், 20 மெகாஹேர்ட்ஸ் மாதிரி அகலமான சிக்னல் முழுசாத் தப்பாது. 5 ஆக்குங்கோ, உடனே வித்தியாசம் தெரியும்.

நாவற்குழி:
தெறிப்பின் பலம் மங்கல் எவ்வளவு ஆழம் என்பதைத்தான் சொல்லும். அது பட்டை முழுதும் ஒன்றாக விழும் சீரான மங்கலா, சில மீடிறன்கள் மட்டும் விழும் தெரிவு மங்கலா என்பதைத் தீர்மானிப்பது தெறிப்பு எவ்வளவு பிந்தி வருகிறது என்பது. இரண்டையும் கலந்தால் தவறான மருந்துதான் கிடைக்கும்.

கணக்கைப் பாருங்கள். நேர்ப் பாதைக்கும் நீரில் பட்டு வரும் பாதைக்கும் உள்ள வேறுபாடு, உயரங்கள் இரண்டையும் பெருக்கி, இரட்டித்து, தூரத்தால் வகுத்தால் வரும்: 2 × 20 × 20 / 5000 = 0.16 மீற்றர். ஒளி இதைக் கடக்க அரை நானோ செக்கன் போதும். அப்படியானால் ஸ்பெக்ட்ரத்தில் ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடையில் ஏறத்தாழ 1.9 கிகாஹேர்ட்ஸ் இருக்கும். அதில் உங்கள் 20 மெகாஹேர்ட்ஸ் நூறில் ஒரு பங்கு. பள்ளம் வரும்போது அந்த முழு அகலமும் பள்ளத்துக்குள்தான் இருக்கும். நீங்கள் படத்தில் கண்டதும் அதுவே. இது சீரான மங்கல்.

ஏன் சில நேரம் மட்டும் விழுகிறது? 5.8 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 5.2 சென்ரிமீற்றர். நீர் மேற்பரப்பில் இவ்வளவு சாய்வாகப் படும் அலை தலைகீழாகித் திரும்புகிறது. ஆகவே பாதை வேறுபாடு முழு அலைநீளங்களாக அமைந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். உங்கள் 0.16 மீற்றர் மூன்று அலைநீளத்துக்குச் சற்றுக் கூட. நீர்மட்டம் 30 சென்ரிமீற்றர் உயர்ந்தாலே சரியாக மூன்றில் போய் நிற்கும். காற்றின் வெப்பநிலை அடுக்குகள் அலையை வளைப்பதாலும் இதே நகர்வு வரலாம்.

குறிகட்டுவான் துறை:
அலை அடிக்கிற வேகத்தாலதான் இது. படகில போகேக்க போனில சிக்னல் துடிக்கிற மாதிரி. டொப்ளர் எவ்வளவு எண்டு பார்த்தீங்களோ?

நாவற்குழி:
அது வேறு கேள்வி, அண்ணை. டொப்ளர், மங்கல் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதைச் சொல்லும். பட்டைக்குள் எல்லா மீடிறனும் ஒன்றாக விழுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. இரண்டு முனையும் அசையாமல் நின்றாலும் தெறிப்பு பிந்தி வருவதால் உண்டாகும் தாமதப் பரவல் இருந்துகொண்டே இருக்கும்.

புன்னாலைத் தோட்டம்:
எங்கட தோட்டத்துக் கிணத்து மோட்டருக்கு லோரா போட்டிருக்கு, 125 கிலோஹேர்ட்ஸ்தான். அவ்வளவு ஒடுக்கமா இருந்தும் பனை வடலிக்குப் பக்கத்தில வைச்சால் செத்துப்போகுது. அப்ப ஒடுக்கமான பட்டைக்கு மங்கல் வராது எண்டு சொல்லுறது பிழைதானே?

நாவற்குழி:
பிழைதான். ஒடுக்கமான பட்டைக்கு மங்கல் வரும், சீராக வரும். முழுச் சிக்னலும் ஒரே பள்ளத்தில் விழுந்தால் மீட்க மிச்சம் எதுவும் இருக்காது. அன்ரனாவை அரை அலைநீளமளவு நகர்த்திப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் மரம் மறைக்கிறது என்று வையுங்கள்.

சுன்னாகச் சந்தி:
20ஐ 5 ஆக்கினால் வேலை செய்யுது எண்டு எத்தனையோ பேர் கண்டிருக்கினம். அது பொய்யோ?

நாவற்குழி:
பொய்யில்லை. பட்டை நாலில் ஒன்றானால் இரைச்சல் 6 டெசிபெல் குறையும், அந்த நன்மை எங்கும் கிடைக்கும். ஆனால் 20 டெசிபெல் பள்ளத்துக்கு 6 காணாது. சானலை 20 அல்லது 40 மெகாஹேர்ட்ஸ் தள்ளினாலும் அதே பள்ளத்துக்குள்தான் நிற்பீர்கள். 5.2 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றினால் மட்டுமே அந்தப் பள்ளத்தை விட்டு வெளியே வரலாம்.

வேலணைக்கரை:
இன்னொண்டும் இருக்கு. பண்ணைப் பக்கம் டிஷ் பழுதான நேரம் அகலமான பனல் அன்ரனா ஒண்டு போட்டம். சிக்னல் அளவு பெருசா விழேல்ல, ஆனால் வேகம் பாதியாப் போச்சு. ஸ்பெக்ட்ரத்தில மேடும் பள்ளமுமா, மெகாஹேர்ட்ஸுக்கு ஒரு பள்ளம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 6 டெசிபெல் இருக்கும்.

நாவற்குழி:
இதுதான் தெரிவு மங்கல். அந்தப் படத்திலிருந்தே தெறிக்கும் பொருளைப் பிடிக்கலாம். பள்ளங்கள் 1 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் இருப்பதால் எதிரொலி 1 மைக்ரோ செக்கன் பிந்துகிறது, அதாவது 300 மீற்றர் கூடுதல் பாதை. பனலுக்கு நேர் பின்னால் என்றால் 150 மீற்றரில் ஒரு கோபுரமோ தண்ணீர்த் தாங்கியோ தகரக் கூரையோ இருக்க வேண்டும். 6 டெசிபெல் ஏற்ற இறக்கம் என்றால் எதிரொலி நேர் அலையைவிட ஏறத்தாழ 10 டெசிபெல் பலம் குறைந்தது. நீரின் தெறிப்பைவிட எவ்வளவோ பலவீனம், ஆனாலும் பட்டையைக் கிழித்துவிட்டது.

வேகம் பாதியானதற்குக் காரணம் பள்ளங்கள் மட்டும் இல்லை. வைஃபையில் 20 மெகாஹேர்ட்ஸுக்கு, ஒரு குறியீட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் விடும் சாதாரண காவல் நேரம் 0.8 மைக்ரோ செக்கன். எதிரொலி அதைத் தாண்டி அடுத்த குறியீட்டுக்குள் நுழைகிறது. 64 நிலைப் பண்பேற்றம் அதைத் தாங்காமல் கீழே இறங்கும்.

இங்கே சுன்னாகச் சந்தி சொன்ன மருந்து பலிக்கும். கடிகாரத்தையே நாலில் ஒன்றாக்கி 5 மெகாஹேர்ட்ஸுக்குப் போகும் கருவிகளில் காவல் நேரம் 3.2 மைக்ரோ செக்கனாக நீளும், எதிரொலி அதற்குள் அடங்கிவிடும். ஆனாலும் பின்பக்கம் நன்றாக அடைத்த டிஷ்ஷைத் திரும்பப் போடுவதே நல்லது. எதிரொலியே குறைந்துவிடும், அகலத்தையும் இழக்க வேண்டாம்.

திருநெல்வேலி மேசை:
ஒரு மறுப்பு. நேர் அலை, 1 மைக்ரோ செக்கன் பிந்திய 10 டெசிபெல் குறைந்த எதிரொலி என்று வைத்தால் தாமதப் பரவலின் திட்ட விலகல் σ 0.29 மைக்ரோ செக்கன். ஒத்திசைவுப் பட்டையகலம் 1/(5σ) என்ற விதியின்படி 0.7 மெகாஹேர்ட்ஸ் தள்ளினால் ஒத்துப்போதல் பாதியாகக் குறைய வேண்டும். நேரடியாகக் கணித்தால் அது 0.82க்குக் கீழே போவதே இல்லை. அப்படியிருக்க அந்த விதியை வைத்து எல்லை போடுவது எப்படிச் சரி?

நாவற்குழி:
அந்த விதி, பல எதிரொலிகள் படிப்படியாகத் தேயும் சூழலில் ஓரளவு பொருந்தும். இரண்டே இரண்டு பாதை இருக்கும் இடத்தில் அது பருமட்டான கைக்கணக்குத்தான். இங்கே நான் அதைத் தொடாமல் பள்ள இடைவெளியைக் கொண்டு கணக்குப் பார்த்ததும் அதனால்தான்.

திருநெல்வேலி மேசை:
அப்படியானால் நீர்த் தெறிப்பையும் அப்படியே பாருங்கள். பள்ளத்தின் நடுவில் 80 மெகாஹேர்ட்ஸ் ஓட்டினால், தெறிப்பு 95 வீத வீச்சோடு வந்தால், ஓரங்கள் நடுவைவிட 9 டெசிபெல் மேலே நிற்கும். பள்ளங்களுக்கு இடையில் 1.9 கிகாஹேர்ட்ஸ் இருக்கும்போதும் அதைச் சீரான மங்கல் என்பீர்களா? 1/(50σ) என்ற இறுக்கமான அளவு அங்கே 75 மெகாஹேர்ட்ஸ் தருகிறது. எனக்கு அந்த அளவுதான் நேர்மையாகத் தெரிகிறது.

நாவற்குழி:
20 மெகாஹேர்ட்ஸில் அந்த வேறுபாடு 2 டெசிபெல்லுக்கும் குறைவு, ஆகவே வேலணைக்கரையின் இணைப்புக்குப் பதில் மாறாது. 80க்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த இறுக்கமான அளவை எல்லா இடத்திலும் எல்லையாக வைத்தால், சாதாரண சமப்படுத்தியே சமாளிக்கும் சானல்களையும் தெரிவு மங்கல் என்று ஒதுக்க வேண்டி வரும். அதில் நான் உடன்படவில்லை.

வேலணைக்கரை:
அப்ப எங்கட பக்கம் என்ன செய்யிறது?

நாவற்குழி:
ஒரு முனையில் இரண்டாவது அன்ரனா ஒன்றை 3.2 மீற்றர் கீழே கட்டுங்கள். அவ்வளவு இறக்கினால் பாதை வேறுபாடு அரை அலைநீளம் மாறும். ஒன்று பள்ளத்தில் நிற்கும்போது மற்றது மேட்டில் நிற்கும். நடுவழியில் முதல் பிரெனெல் வலயத்தின் ஆரை 8 மீற்றர், கீழ் அன்ரனாவின் கோட்டுக்கும் நீருக்கும் இடையில் அங்கே 18 மீற்றர் இருக்கும், தடை இல்லை. இரண்டாவது அன்ரனாவுக்கு வழி இல்லையென்றால் முதலில் 5.2க்கு மாற்றி, நீர் ஏறி இறங்கும் நேரங்களில் சிக்னலைப் பதிந்து பாருங்கள்.

சுன்னாகச் சந்தி:
5.2இல விடுற வலுவுக்குக் கட்டுப்பாடு இருக்கும், அதையும் பாருங்கோ. நான் எண்டால் கம்பத்தில இறக்கிறதைத்தான் முதல் செய்வன்.