கலைச்சொல் தேவை: ‘கன்கார்டன்ட் டைட்டர்’

குமரன்:
நண்பர்களுக்கு வணக்கம். தரம்பார்த்தல் பற்றிய செய்முறைக் கையேட்டைத் தமிழில் எழுதிவருகிறேன். ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு பொட்டாசியம் பெர்மாங்கனேட்டின் செறிவைக் காணும் பகுதி இது. ப்யூரெட் அளவு 20.6, 20.4, 20.4 என்று வந்தால், அட்டவணையின் கடைசிப் பத்தியில் 20.4 என எழுதுவார்கள். அந்தப் பத்தியின் தலைப்புக்குச் ‘சரியளவு’ பொருந்துமா?

மாலதி:
வேண்டாம் குமரன். அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அந்தப் பத்தி எதையும் சொல்வதில்லை. ப்யூரெட்டையும் பிப்பெட்டையும் அந்தந்தக் கரைசலால் அலசச் சொல்கிறோம். கூம்புக் குடுவைக்கும் அதுதான் முறை என்று நினைத்து, மாணவர் அதையும் ஆக்சாலிக் அமிலத்தால் அலசிவிடுகிறார். உள்ளே 0.4 மி.லி. தங்கினால், 20 மி.லி. எடுத்ததாக அவர் கணக்கிடுவார். உண்மையில் இருப்பது 20.4. இரண்டு கரைசல்களும் 0.1 நார்மல் என்றால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 20.4தான் வரும். அளவீடுகள் அழகாக ஒத்துப்போகும். பெர்மாங்கனேட்டின் செறிவு மட்டும் 0.098 என்று 2 சதவீதம் குறைந்து நிற்கும். இதற்குச் ‘சரி’ என்று பெயர் வைத்துவிட்டால் பிழையைத் தேட யாருக்குத் தோன்றும்? ‘ஒத்த அளவீடு’ என்று வையுங்கள்.

தயாபரன், யாழ்ப்பாணம்:
இலங்கையில் இச்செய்முறையை நியமிப்பு என்போம். ப்யூரெட் எங்களுக்கு அளவி. மாலதி அம்மா சொல்வது சரிதான். ஆனால் ‘ஒத்த’ என்றதும் பிள்ளைகள் இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்று எண்ணி, 20.5ஐ அழித்து 20.4 என்று எழுதுகிறார்கள். ‘இசைந்த அளவீடு’ என்றால் சிறு வேறுபாட்டுக்கும் இடமிருக்கும்.

இளங்கோ:
எங்கள் பள்ளியில் இளஞ்சிவப்பு வருவதே இல்லை, பழுப்பாகக் கலங்குகிறது. அதற்கும் இந்தச் சொல்தானா? பாதுகாப்புக் கருதிச் சல்பூரிக் அமிலத்தைக் குறைத்திருக்கிறேன். பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றலாமா?

மாலதி:
இளங்கோ ஐயா, அது வேறு சிக்கல். அந்தப் பழுப்பு மாங்கனீசு டைஆக்சைடு. அமிலம் போதாவிட்டாலும், குடுவையை 60–70 டிகிரிக்குச் சூடாக்காமல் விரைவாக ஊற்றினாலும் வரும். அந்த அளவீட்டை அட்டவணையில் சேர்க்கவே கூடாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம்: பெர்மாங்கனேட் குளோரைடைக் குளோரின் வாயுவாக்கும், நச்சு, அளவும் கூடிவிடும். நீர்த்த சல்பூரிக் அமிலத்தைக் குறைக்காதீர்கள். கண்ணாடி அணியச் சொல்லுங்கள், பிப்பெட்டை வாயால் உறிஞ்ச விடாதீர்கள்.

குமரன்:
இப்போதைக்கு ‘இசைந்த அளவீடு’ என்று போட்டு, 0.1 மி.லி. வரம்பை அட்டவணையின் அடியில் தருகிறேன். செய்முறைக்கு முந்தைய வினாக்களில், கூம்புக் குடுவையை எதனால் அலச வேண்டும், ஏன் என்று கேட்டுவிடுகிறேன்.

மாலதி:
எனக்கு இன்னும் ‘ஒத்த’தான் பிடித்திருக்கிறது. எப்படியானாலும் பிழைப் பகுதியில் அந்த 20.4 கணக்கை அப்படியே சேருங்கள்.

தயாபரன்:
‘டைட்டர்’ மட்டும் தனியாக வருமிடத்தில் என்ன எழுதப்போகிறீர்கள்? வெறும் ‘அளவீடு’ என்றால் ப்யூரெட்டின் தொடக்க அளவீடா, இறுதி அளவீடா, இரண்டின் வேறுபாடா என்று குழப்பம் வருமே?