பேரியம் படத்தில் பறவை அலகு: பார்த்த கேஸ்களைப் பகிருங்கள்

கதிர்ப்படம்: 41 வயதுக்காரர். ஒன்றரை வருடமாகச் சாப்பாடு நெஞ்சில் நிற்கிறது. ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் நிற்கிறதாம். திடமும் திரவமும் ஒன்றாகச் சிக்கினால் அசைவுக் கோளாறைத்தான் முதலில் நினைப்பேன். நிற்க வைத்து, நீர்த்த பேரியம் 200 மில்லி கொடுத்து, 1, 2, 5 ஆகிய நிமிடங்களில் படம் எடுத்தோம். உணவுக்குழாய் 5 செ.மீ. அகலம். அடிப்பகுதி வழுவழுப்பாக, இருபுறமும் ஒரே சாய்வில் கூம்பி அலகுபோல முடிகிறது. 1ஆம் நிமிடத்தில் 15 செ.மீ. உயரம் நின்ற பேரியம், 5ஆம் நிமிடத்திலும் 12 செ.மீ. நின்றது.

மூன்றாமாண்டு: அலகு தெரிந்தாலே, உணவுக்குழாயின் கீழ்வாய் சரியாகத் திறக்காத அகலேசியாதானே? பிறகு எதற்குக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி, எண்டோஸ்கோபி எல்லாம்?

இரைப்பைநோக்கி: அவசரப்படாதீர்கள். 67 வயதுக்காரர் ஒருவருக்கும் அலகு அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் தொந்தரவு நான்கே மாதம், எடை 10 கிலோ போயிருந்தது. குழாய் 3 செ.மீ.தான் விரிந்திருந்தது, குறுகிய பகுதியோ 4 செ.மீ. நீளம், ஒரு பக்கம் மட்டும் தோள்போலப் புடைப்பு. சளிப்படலத்துக்கு அடியில் வளர்ந்ததால் முதல் எண்டோஸ்கோபியில் ஒன்றும் தெரியவில்லை. சிடியிலும் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டிலும்தான் இரைப்பை வாயில் புற்று இருப்பது பிடிபட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு மேனோமெட்ரிகூட அகலேசியா என்றே காட்டலாம். உண்மையான அகலேசியாவில் எந்த வகை என்று மேனோமெட்ரி சொல்லும், சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க அது வேண்டும்.

அம்மாவுக்காக: என் அம்மாவுக்கு நெஞ்செரிச்சல் என்று அசிடிட்டி மாத்திரைதான் கொடுக்கிறார்கள். படுத்தால் சாப்பிட்டது அப்படியே வாய்க்கு வருகிறது. எண்டோஸ்கோபி நார்மல். அப்படியென்றால் பேரியம் தேவையில்லைதானே?

இரைப்பைநோக்கி: தேவைப்படலாம். ஆரம்ப நிலையில் எண்டோஸ்கோபி நார்மலாக இருப்பது உண்டு. மேலே வருவது புளிப்பில்லாமல், தின்ற ருசியோடு இருக்கிறதா, தண்ணீரும் நிற்கிறதா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். இரவில் இருமல் இருந்தால் அதையும் விடாதீர்கள்.

கதிர்ப்படம்: அளவெடுப்பதில் ஒரு சிக்கல். பழைய சாப்பாடும் எச்சிலும் நுரையாக மேலே மிதக்கும். நுரையையும் சேர்த்து அளந்தால் உயரம் கூடிவிடும், பேரியத்தின் தெளிவான மேல்விளிம்பு வரைக்கும்தான் அளக்க வேண்டும். குழாய் மிகவும் விரிந்தவர்களை முந்தின நாளே தெளிந்த திரவத்தில் வைத்தால் நுரையும் குறையும், புரையேறும் ஆபத்தும் குறையும். எல்லாராலும் 200 மில்லி குடிக்க முடியாது. 120 குடித்தார் என்றால் அதைக் குறித்துவைத்து, சிகிச்சைக்குப் பிறகும் அதே 120 கொடுங்கள். அளவு மாறினால் இரண்டு படங்களையும் ஒப்பிட முடியாது.

மூன்றாமாண்டு: கீழ்வாயை விரிக்கப் பலூன் போட்ட பிறகு சாப்பாடு நன்றாக இறங்குகிறது, ஆனால் 5ஆம் நிமிடத்தில் இன்னும் 6 செ.மீ. நிற்கிறது என்றால்?

கதிர்ப்படம்: மறுபடி பலூன் போடலாம் என்பேன். அறிகுறி குறைந்தாலும் குழாய் காலியாகாவிட்டால் பிறகு திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

இரைப்பைநோக்கி: நான் போடமாட்டேன். முன்பு 12 இருந்தது பாதியாகியிருக்கிறது, எடையும் ஏறினால் சில மாதம் கழித்து இன்னொரு படம் எடுப்பேன். ஒவ்வொரு பலூனுக்கும் குழாய் கிழியும் ஆபத்து இருக்கிறதே.