திருத்தம் வெளியான கட்டுரையை மேற்கோள் காட்டும்போது: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

ராயப்பேட்டை துணையாசிரியர்

சென்னையிலிருந்து வெளிவரும் ஒரு மருத்துவ மாத இதழில் சரிபார்ப்புப் பணி என்னுடையது. அண்மையில் இதய நோய் பற்றிய கட்டுரை ஒன்று அச்சுக்கு முன் என்னிடம் வந்தது. “மத்தியதரைக்கடல் உணவுமுறை மாரடைப்பையும் பக்கவாதத்தையும் ஏறத்தாழ 30 சதவீதம் குறைக்கிறது என்று ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் நிரூபித்தது” என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. இது நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ‘பிரெடிமெட்’ ஆய்வு. கட்டுரையாளர் அனுப்பியிருந்த பிடிஎஃப் 2013ஆம் ஆண்டினுடையது; அதில் எந்த அறிவிப்பும் இல்லை. இதழின் இணையப் பக்கத்தைத் திறந்தபோதுதான், 2018 ஜூனில் அந்தக் கட்டுரையை அதை எழுதிய ஆய்வாளர்களே திரும்பப் பெற்று, மறுபகுப்பாய்வு செய்த வடிவத்தை டிஓஐ என்னும் நிலையான அடையாள எண் ஒன்றைப் புதிதாகப் பெற்று மறுபடியும் வெளியிட்டிருப்பது தெரிந்தது.

இரண்டு பதிப்புகளின் சுருக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒப்பீட்டுக் குழுவை 1 என்று வைத்தால், இந்த உணவுமுறையோடு ஆலிவ் எண்ணெய் பெற்ற குழுவின் ஆபத்து விகிதம் 0.70இலிருந்து 0.69 ஆகியிருக்கிறது, கொட்டைப் பருப்பு பெற்ற குழுவுக்கு இரண்டிலும் 0.72தான். ஆனால் முடிவுரை மாறியிருக்கிறது. பழைய பதிப்பு, அந்த உணவுமுறை நோய் நிகழ்வுகளைக் குறைத்தது என்று கூறியது. புதிய பதிப்போ, இந்த ஆய்வில் அந்த உணவுமுறைக்கு ஒதுக்கப்பட்டவர்களிடம், கொழுப்பு குறைந்த உணவுக்கு ஒதுக்கப்பட்டவர்களைவிட நிகழ்வுகள் குறைவாக இருந்தன என்று மட்டுமே கூறுகிறது. இத்தகைய இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

தரமணி ஆய்வு மாணவர்

என் ஆய்வேட்டிலும் இதே கட்டுரை வருகிறது. எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், மேற்கோளில் ஆண்டையும் டிஓஐயையும் 2018க்கு மாற்றிவிட்டு வாக்கியத்தை அப்படியே விட்டேன். எப்போதும் கடைசிப் பதிப்பையே காட்ட வேண்டும் என்பது எங்கள் நெறியாளர் சொல்லும் விதி. அது போதும் என்றே நினைக்கிறேன்.

கீழ்ப்பாக்கம் நூலகர்

தம்பி, உங்கள் நெறியாளர் சொன்னதில் பாதிதான் இங்கே பொருந்தும். ஆண்டை மட்டும் மாற்றினால், ஆசிரியர்களே கைவிட்ட கூற்றை அவர்களுடைய புதிய கட்டுரையின் பெயரில் நீங்கள் எழுதியதாகிவிடும். பழைய மேற்கோளாவது பழைய கூற்றோடு ஒத்துப்போகிறது. நீங்கள் மாற்றியது இரண்டு பதிப்புகளோடும் ஒத்துப்போகவில்லை.

ஏன் திருத்தினார்கள் என்பதைப் படித்தால் இது விளங்கும். யார் எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கல் போலத் தற்செயலாக முடிவு செய்திருக்க வேண்டும். சில இடங்களில் அது நடக்கவில்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டாவதாகச் சேர்ந்தவர், முதலில் சேர்ந்தவரின் குழுவிலேயே சேர்க்கப்பட்டார். ஓர் ஆய்வு மையத்தில் மருத்துவமனை மருத்துவமனையாகக் குழு பிரித்திருந்தார்கள். ஒரு பகுதி மக்கள் முழுவதும் ஒரே குழுவில் இருந்தால், காணப்படும் வேறுபாடு உணவால் வந்ததா, அந்தப் பகுதியின் வசதியால் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஐயத்துக்குரிய 1,588 பேரை நீக்கிக் கணக்கிட்டபோதும் முடிவுகள் ஒத்தே இருந்தன என்று புதிய பதிப்பு தெரிவிக்கிறது. எனவே ஆய்வு பொய் என்று எழுதுவதும் தவறு. இதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்லும் தகுதியில் ஒரு படி இறங்கியிருக்கிறது, அவ்வளவே.

நான் வாசகர்களுக்குச் சொல்லும் வரிசை எளிது. முதலில் அறிவிப்பைப் படியுங்கள், பிறகு கட்டுரையை. அதன்பின் உங்கள் வாக்கியத்தை எடுத்து, அறிவிப்பு தொட்ட பகுதியில் அது நிற்கிறதா என்று பாருங்கள். பங்கேற்றவர்களின் எண்ணிக்கையை மட்டும் சொல்கிற வாக்கியத்துக்கு இந்தத் திருத்தத்தால் பாதிப்பில்லை. “நிரூபித்தது” என்ற வாக்கியம் நேரடியாக அடிபடுகிறது.

சாதாரணத் திருத்தங்களில் வேறொரு சிக்கல் உண்டு. அங்கே டிஓஐ மாறாது. இந்த இதழின் பல அறிவிப்புகள், கட்டுரை இணையத்தில் சரி செய்யப்பட்டுவிட்டது என்ற வரியோடு முடியும். அப்போது மூன்று ஆண்டுகளுக்கு முன் நீங்கள் இறக்கிய பிடிஎஃபும் இன்றைய இணையப் பக்கமும் ஒரே முகவரியில் இரண்டு வேறு எண்களைக் காட்டும். எது சரி என்பதை அறிவிப்பில்தான் காண முடியும். பழைய வரி என்ன, புதிய வரி என்ன என்று பெரும்பாலும் அதில் இரண்டையும் கொடுத்திருப்பார்கள். மருத்துவக் கட்டுரைகளின் தேடுதளமான பப்மெட் பக்கத்தில் `Erratum in` என்ற வரியையும், இதழின் பக்கத்தில் இருந்தால், கட்டுரை மாற்றப்பட்டதா என்று காட்டும் கிராஸ்மார்க் பொத்தானையும் பாருங்கள். டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃபிடம் நேரடியாகவும் கேட்கலாம்:

```
https://api.crossref.org/works?filter=updates:10.1056/NEJMoa1200303
```

பதிப்பாளர் பதிவு செய்திருந்தால் மட்டுமே இது விடை தரும். விடை வெறுமையாக வந்தால் திருத்தமே இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. மேற்கோள் மேலாண்மைக்கு ஜொட்டேரோ பயன்படுத்துபவர்களும் கவனிக்கவும்: திரும்பப் பெற்ற கட்டுரைகளை அது எச்சரிக்கும், சாதாரணத் திருத்தங்களுக்கு அந்த எச்சரிக்கையை எதிர்பார்க்க வேண்டாம்.

மயிலாப்பூர் வாசகி

அப்படியானால் ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் நம் நல்லெண்ணெயைப் பயன்படுத்தினாலும் அதே பலன் கிடைக்கும் என்று எழுதலாமா? என் மகனுக்கு இரத்தக் கொதிப்பு இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

கீழ்ப்பாக்கம் நூலகர்

அம்மா, எந்தப் பதிப்பை எடுத்தாலும் அந்தக் கூற்றுக்கு அதில் இடமில்லை. அங்கே கொடுத்தது உயர்தர ஆலிவ் எண்ணெய், வீட்டுக்கு வாரம் ஒரு லிட்டர். மற்றொரு குழுவுக்கு நாளொன்றுக்கு 30 கிராம் கொட்டைப் பருப்புகள். நல்லெண்ணெயை அவர்கள் சோதிக்கவில்லை. மகனின் உணவு பற்றி அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள்.

சைதாப்பேட்டை செய்தியாளர்

என் அனுபவம் செய்தித்தாள் சார்ந்தது. ஒரு நாளிதழின் இணையச் செய்தியிலிருந்து மழை அளவு ஒன்றை எடுத்து எழுதினேன். மறுநாள் அதே முகவரியில் வேறு எண் இருந்தது. திருத்தக் குறிப்பு ஏதும் இல்லை. நான் எழுதிய எண் எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் கேட்டபோது, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் முந்தைய நாளின் பிரதி சேமிக்கப்பட்டிருந்ததால்தான் காட்ட முடிந்தது. ஆய்விதழ்களில் அறிவிப்பாவது கிடைக்கிறது. எங்கள் துறையில் அது இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. எடுத்த நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறேன்.

திருத்தம் வந்துவிட்டால் மீதி சரி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020இல் லான்செட் மருத்துவ இதழில் கொரோனா நோயாளிகளுக்குத் தரப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி வந்த கட்டுரைக்கு மே மாத இறுதியில் ஆஸ்திரேலியத் தரவு பற்றி ஒரு திருத்தம் வெளியானது. ஒட்டுமொத்த முடிவு மாறவில்லை என்றார்கள். ஜூன் முதல் வாரத்திலேயே கட்டுரை முழுவதும் திரும்பப் பெறப்பட்டது.

தரமணி ஆய்வு மாணவர்

நூலகர் ஐயா சொன்னதை ஏற்கிறேன், வாக்கியத்தையும் மாற்றுகிறேன். ஆனால் என் அத்தியாயத்தில் வேறொரு பகுதி இந்த உணவுமுறை 2013க்குப் பிறகு எப்படிப் பிரபலமானது என்பதைப் பற்றியது. அங்கேயும் 2018 பதிப்பைக் காட்டினால் வரலாறு தவறாகிவிடாதா?

ராயப்பேட்டை துணையாசிரியர்

அங்கே 2013ஐயே காட்ட வேண்டும் என்பது என் கருத்து. அன்று மக்கள் படித்தது அதைத்தான். பின்னர் திரும்பப் பெற்று மறுவெளியீடு செய்யப்பட்டது என்று அதே வாக்கியத்தில் சேர்த்துவிடுங்கள்.

எங்கள் கட்டுரையில் வாக்கியத்தை இப்படி மாற்றினோம்: “ஸ்பெயினில் இதய நோய் ஆபத்து அதிகமுள்ள 7,447 பேரிடம் நடந்த ஆய்வில், ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்போ சேர்ந்த மத்தியதரைக்கடல் உணவுமுறைக்கு ஒதுக்கப்பட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைவாக இருந்தன (2018இல் திருத்தி மறுவெளியீடு).” 30 சதவீதத்தை எடுத்துவிட்டு, எண்ணெய்க் குழுவில் 3.8, பருப்புக் குழுவில் 3.4, ஒப்பீட்டுக் குழுவில் 4.4 சதவீதம் பேர் என்று கொடுத்தோம். கட்டுரையாளருக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை.

எனக்கு இன்னும் தெளியாதது ஒன்று உண்டு. அதே கட்டுரையில், பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்ட ஒரு தொகுப்பாய்வும் மேற்கோளாக வருகிறது. அது 2018க்கு முன் வந்தது, 2013இன் எண்ணையே உள்ளே எடுத்திருக்கிறது. அதன் மீது எந்த அறிவிப்பும் இல்லை. எண் 0.70இலிருந்து 0.69 ஆனதால் தொகுத்துக் கிடைத்த முடிவு பெரிதாக மாறாது என்று கட்டுரையாளர் வாதிடுகிறார். முழுமையாகத் தற்செயல் முறையில் குழு பிரித்த ஆய்வு என்று அந்தத் தொகுப்பாய்வு இதற்குக் கொடுத்த தர மதிப்பீடு இனி செல்லுமா என்பது என் கேள்வி. இதைக் கையாண்டவர்கள் யாரேனும் இருந்தால் எழுதுங்கள். அந்தப் பத்தியை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.