படத்தில் இருப்பது எலியா, பெருச்சாளியா?

தாம்பரம்:
நேற்று இரவு பின்கட்டில் விளக்கைப் போட்டதும் சுவரோரமாக ஒன்று குறுகி உட்கார்ந்திருந்தது. போனில் ஒரே ஒரு படம்தான் எடுக்க முடிந்தது. மாமியார் பெருச்சாளி என்கிறார், நான் எலி என்கிறேன். தரையில் ஒரு அடி டைல்ஸ். மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பாதி டைலுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது.

நாகர்கோவில்:
வாலைப் பாருங்கள். நீளமாக இருந்தால் எலி, கட்டையாக இருந்தால் பெருச்சாளி. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வோம்.

தஞ்சாவூர்:
பாதி சரி. வரப்பைத் துளைக்கிற சின்ன ரகத்துக்குத்தான் வால் உடம்பைவிடக் குட்டை. பெரிய பெருச்சாளிக்கு வால் ஏறக்குறைய உடம்பளவு வரும், ஆனால் கயிறு மாதிரி தடிமனாக இருக்கும். இருபது வருடமாக வயலில் கிட்டி வைக்கிறேன், இதில் நானே ஏமாந்திருக்கிறேன்.

படத்தின் மேல் ஒரு நூலை வைத்து உடம்பை அளங்கள். அதே நூலை வாலின் வளைவோடு வளைத்து அளங்கள். வால் நீண்டால் வீட்டெலி. ஆனால் குறுகி உட்கார்ந்த எலிக்கு உடம்பு குட்டையாகத் தெரியும், வால் கேமரா பக்கம் நீட்டியிருந்தால் அதன் நீளமும் சரியாகத் தெரியாது. அதனால் காதையும் பாருங்கள். வீட்டெலியின் காது மெல்லிய தோல் மாதிரி, முன்னால் மடக்கினால் கண்ணைத் தொடும் அளவுக்குப் பெரிது. பெருச்சாளிக்கு அகன்ற முகம், அதில் காது உருண்டையாக, சின்னதாகத் தெரியும். முதுகில் நீளமான கறுப்பு முடி சிலிர்த்து நிற்கும்.

கோவை:
நான் ஒட்டு அட்டையில் பிடித்ததைச் சுண்டெலி என்று நினைத்து விட்டுவிட்டேன். அடுத்த வாரமே வாஷிங் மெஷின் வயரைக் கடித்துப் போட்டிருந்தது வேறொன்று. பிடிபட்டது எலிக்குஞ்சாக இருக்குமோ?

தஞ்சாவூர்:
அதன் தலையும் பின்னங்காலும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாக இருந்ததா? அப்படியானால் குஞ்சுதான். சுண்டெலி வளர்ந்தாலும் கட்டைவிரல் நீளத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். தலை சின்னது, காது மட்டும் பெரிது, வால் நூல் போல.

மதுரை:
எங்கள் வீட்டில் நீள மூக்கோடு கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாகவே ஓடுகிறது. எந்த மருந்து வைக்கலாம்?

தஞ்சாவூர்:
அது எலியே இல்லை, மூஞ்சூறு. கண் மிளகு போல இருக்கும். கரப்பான் பூச்சியைத் தின்னும், மருந்து வேண்டாம்.

தாம்பரம்:
நூல் வைத்து அளந்தேன். உடம்பு 17 செ.மீ., வால் 21. குறுகி இருந்ததற்குக் கழித்தாலும் வால் குட்டையில்லை. காது வழியாக விளக்கு வெளிச்சம் சிவப்பாகத் தெரிகிறது. வீட்டெலி என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மாமியார் இன்று காலை துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வளையைக் காட்டினார். வாயில் ஒரு கூடை மண் குவிந்து கிடக்கிறது.

தஞ்சாவூர்:
அந்த மண் வீட்டெலி தள்ளியது போல இல்லை. இரண்டும் இருக்கலாம். இன்று இரவு வளை வாயில் ஒரு படம் எடுங்கள், பக்கத்தில் ஒரு செங்கல்லை வைத்து.